நடுமேடை சிங்க்கும் அதன் மூச்சுக்குழாயும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வீடுகளில் சிங்க் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டியே இருக்கும். கழிவுக்குழாய் இரண்டடி நீளத்தில் சுவரைத் துளைத்து வெளியே போய், தரையோடு பதித்த கல்லி ட்ராப் என்ற கழிவுநீர்த் தொட்டியின் சல்லடைக்கு மேல் திறந்த வாயோடு முடியும். அந்த வாய் வழியாகவே காற்றும் வந்து போகும். அதனால் அடுப்படி வேலையில் கழிவுக்குழாய்க்குக் காற்று கொடுக்கும் வென்ட் குழாய் என்ற பேச்சே எழாமல் பல பிளம்பர்கள் காலம் தள்ளிவிட்டார்கள்.

இப்போது லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மஞ்சக்குப்பம் பக்கம் எழும் வீடுகளில் ஹாலும் சமையலறையும் ஒன்றாகி, நடுவில் ஒரு மேடை வந்துவிட்டது. சிங்க்கும் அதில் ஏறிவிட்டது. செய்முறை மட்டும் பழையபடியே. தரையில் ஒரு துளை, அதில் நெளி ஹோஸ், அங்கிருந்து தரைக்குள்ளேயே பதினைந்து அடி ஓடி வெளிச் சேம்பர். சுவரே இல்லாத இடத்தில் வென்ட்டை எங்கே ஏற்றுவது என்று கேட்டுவிட்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இதன் விளைவு குடிபோன சில வாரங்களில் தெரியும். பாத்திரம் கழுவி, நிறைந்த சிங்க்கின் அடைப்பானை எடுத்தால் தண்ணீர் குழாயை முழுக்க நிறைத்துக்கொண்டு இறங்கும். அப்படி இறங்கும் நீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். காற்று வர வழி இல்லாதபோது, சிங்க்குக்குக் கீழே ட்ராப் என்ற வளைவில் நின்று சாக்கடை நாற்றத்தை மறிக்கும் இரண்டு இன்ச் தண்ணீரையே இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் வரும் 'கொடகொட' சத்தம் அந்தத் தண்ணீர் போகும் சத்தம்தான். "தம்பி, தண்ணி நல்லாத்தான் போகுது, அப்புறம் ஏன் நாத்தம் வருது?" என்று வீட்டம்மா கேட்பது இதனால்தான். காலையில் குழாயைத் திறக்கும் முன் நாற்றம் தூக்கலாக இருந்து, அரை நிமிடம் தண்ணீர் விட்டதும் அடங்கினால் ட்ராப் காலியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் விட்ட பிறகும் அடங்காவிட்டால் கோளாறு வேறு இடத்தில். பெரும்பாலும் ஹோஸ் தரைக்குள் நுழையும் வாயைச் சுற்றி அடைக்காமல் விட்டிருப்பார்கள்.

இதற்கான வழிதான் லூப் வென்ட். சுவர் இல்லாததால் வென்ட்டை மேடைக்குள்ளேயே முடிந்த உயரம் ஏற்றி, வளைத்து, மறுபடி தரைக்குக் கீழே இறக்கி, அங்கிருந்து பக்கத்துச் சுவருக்குக் கொண்டுபோய் மொட்டைமாடிக்கு ஏற்றுவது. யூனிஃபார்ம் பிளம்பிங் கோட் என்ற விதித்தொகுப்பு இதற்கென்றே 909-ஆம் பிரிவை ஒதுக்கியிருக்கிறது. கேட்க எளிது. ஆனால் இந்த ஊரில் லூப் என்ற பெயரில் செய்திருப்பதில் பாதி, வளையம் மட்டும்தான். வளையத்தின் இரு கால்களையும் ஒரே கழிவுக்குழாயில் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். வளையம் மூச்சு விடாது. வென்ட்டுக்குள் அழுக்குத் தண்ணீர் புகாமல் காப்பதுதான் அதன் வேலை. வெளிக்காற்றைக் கொண்டுவருவது தரைக்குக் கீழே பிரிந்து சுவருக்குப் போகும் ஃபுட் வென்ட். அதைப் போடவில்லையென்றால் வளையம் போட்டும் பயனில்லை.

ஒரு வீட்டை அளவோடு எடுத்துக்கொள்வோம். தரைத்தளம், அடித்தளத்தில் மணல் நிரப்பியது. மேடையின் உயரம் 34 இன்ச், சிங்க் ஆழம் 9 இன்ச். நடுமேடையிலிருந்து அருகிலுள்ள ஒன்பது இன்ச் சுவர் 9 அடி தள்ளி இருக்கிறது. வெளியே கல்லி ட்ராப் 14 அடி. குழாய் எல்லாமே 50 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். வாங்கும்போது டைப் பி கேட்டு வாங்க வேண்டும். டைப் ஏ மழைநீருக்கும் வென்ட்டுக்கும் உரியது. வென்ட்தானே என்று ஃபுட் வென்ட்டுக்கு டைப் ஏ எடுக்கத் தோன்றும். ஆனால் கல்லி ட்ராப் பக்கம் அடைத்துக்கொண்டால் தரைக்குக் கீழுள்ள வென்ட்டிலும் கழிவுநீர் ஏறும். அதனால் தரைக்குக் கீழே போகும் குழாயும் ஃபிட்டிங்கும் எல்லாம் கழிவுக்கு உரியவையாகவே இருக்கட்டும்.

முதலில் வாட்டம். அடிக்குக் கால் இன்ச். கழிவுக்குழாய் 14 அடிக்கு மூன்றரை இன்ச் இறங்க வேண்டும். ஃபுட் வென்ட் சுவரை நோக்கி 9 அடிக்கு இரண்டேகால் இன்ச் ஏற வேண்டும். வென்ட்டில் தண்ணீர் ஓடாதே, அதற்கு எதற்கு வாட்டம் என்று கொத்தனார் கேட்பார். ஈரக்காற்று குளிர்ந்து குழாய்க்குள் தண்ணீராகப் படியும். அடைப்பு நேரத்தில் கழிவும் ஏறி வரும். இரண்டும் தானாகத் திரும்பி வடிய வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கிக் காற்றை மறித்துவிடும். அப்புறம் குழாய் இருந்தும் இல்லாத கணக்குதான்.

நடுமேடையில் கழிவுக்குழாயை, டைல்ஸ் போட்டு முடிந்த தரைமட்டத்திலிருந்து 11 இன்ச் ஆழத்தில் தொடங்கினால் கல்லி ட்ராப்பில் பதினாலரை இன்ச்சில் முடியும். வீட்டுத் தரை வெளிமண்ணைவிட இரண்டடி உயரம் என்றால் இது சிரமமில்லாத ஆழம். ஃபுட் வென்ட் 7 இன்ச்சில் தொடங்கிச் சுவரில் நாலேமுக்காலில் நிற்கும், டைல்ஸுக்கும் காரைக்கும் இடம் மிஞ்சும். இதைவிட மேலே தொடங்கினால் சுவர்ப் பக்கம் குழாய் டைல்ஸை முட்டும். அப்போது வாட்டத்தைக் குறைத்து ஒப்பேற்றுவார்கள். அங்கேதான் தொய்வு பிறக்கிறது. கடலோர மணல் நிரப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் விட்டு இறுக்காத மணலில் குழாயைப் படுக்கவைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் மணல் அமர்ந்து குழாயும் தொங்கும். குழாயின் அடி முழுக்க மெல்லிய காங்கிரீட் படுக்கை போட்டு, ரசமட்டத்தை ஒவ்வொரு மூன்று அடிக்கும் வைத்துப் பார்த்த பிறகு மூடுவது நல்லது.

இனி மேடைக்குள். சிங்க்கின் அடி தரையிலிருந்து ஏறக்குறைய இருபத்து நாலரை இன்ச்சில் வரும். அதன் கீழே பி-ட்ராப். அதிலிருந்து ஓரடிக்குள் செங்குத்துக் குழாயில் ஒரு டீ. டீயின் கீழ்க்கால் கழிவாகத் தரைக்குள் இறங்கும், மேல்கால் வென்ட்டாக ஏறும். மேல்கால் கிரானைட்டின் அடியை உரசும் அளவுக்கு ஏற வேண்டும். அங்கே 45 எல்போ, 90 எல்போ, மறுபடி 45 எல்போ என்ற வரிசையில் கூரை முகடு போல வளைத்து இறக்க வேண்டும். இரண்டு 90 எல்போவுக்கு நடுவே ஒரு படுக்கைத் துண்டு வைப்பது சுலபம்தான். ஆனால் அந்தப் படுக்கைத் துண்டில் தண்ணீரும் கசடும் தங்கும். முகடாக இருந்தால் எதுவும் இரு பக்கமும் வழிந்துவிடும். இரு கால்களுக்கும் இடையில் ஓரடி வரை விலகும் என்பதால் கேபினெட் செய்கிற தச்சரிடம் முன்பே சொல்லி இடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உயரத்தில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால் காரணம் இதுதான். முகடு கிரானைட்டைத் தொட்டால் அதன் உள்ளடி முப்பதரை இன்ச்சில் இருக்கும். தரைக்குக் கீழே முதல் பெண்டில் சோற்றுப்பசையும் எண்ணெயும் மீன் செதிலும் சேர்ந்து அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முகட்டைத் தாண்டுவதற்கு முன் சிங்க்கில் ஆறு இன்ச் தேங்கி நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் உடனே ஆள் கூப்பிடுவார்கள். முகட்டை 22 இன்ச்சிலேயே முடித்திருந்தால் அது சிங்க்கின் அடியைவிடக் கீழே. அடைபட்ட தண்ணீர் சத்தமில்லாமல் முகட்டைத் தாண்டி வென்ட் கால் வழியாக ஓடிவிடும். சிங்க்கில் ஒரு சொட்டும் நிற்காது, அடைப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் வென்ட் கழிவுக்குழாயாக ஓடி, பசை பிடித்து அதுவும் அடைத்த பிறகு, ஒரே நாளில் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். அறுத்துப் பார்த்தால் இறங்கு காலுக்குள் மெழுகு போலப் பழுப்பு எண்ணெய் சுற்றிலும் ஒட்டி, நடுவில் விரல் நுழையும் ஓட்டை மட்டும் இருக்கும். வென்ட்டுக்குள் எண்ணெய் இருந்தாலே முகடு தாழ்வு என்று சந்தேகப்படலாம்.

இறங்கு கால் தரைக்குக் கீழே போனதும் ஒரு ஒய் வைத்து ஃபுட் வென்ட்டைப் பிரிக்க வேண்டும். மிச்சம் இன்னும் இறங்கி, சிங்க்கின் செங்குத்துக் கழிவு படுக்கையாகத் திரும்பியதும் அதை அடுத்த இடத்திலேயே, இன்னொரு ஒய் மூலம் மேலிருந்து சேர வேண்டும். இங்கே டீ போடக் கூடாது. ஒய்யின் வாய் நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் வடிநீர் ஓட்டத்தோடு கலக்கும். நேர் டீயில் ஓடும் கழிவு வென்ட்டுக்குள் தெறித்துப் படியும். இந்தச் சேர்க்கைக்கு முன்னால் வேறு எதையும் அந்தக் கழிவில் இணைக்கவும் கூடாது. ஹாலில் ஒரு கைகழுவும் பேசின் வருகிறது, பக்கத்திலேயே போகிறதே என்று அதை இதில் கோத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது தேவையென்றால் ஒய்க்கு அப்பால் சேர்த்து, அதற்குத் தனி வென்ட் கொடுக்க வேண்டும்.

ஃபுட் வென்ட் சுவரில் ஏறும் இடத்தில், திறந்து மூடும் கதவுள்ள ஒரு டோர் டீ, கதவு கைக்கு எட்டும் உயரத்தில். பின்னால் வென்ட்டைத் துழாவ இது ஒன்றுதான் வாசல் என்பதால் டைல்ஸுக்குள் புதைக்காமல் விட வேண்டும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் இந்தக் குழாயைக் காடி வெட்டிப் புதைத்தால் சுவர் பலமிழக்கும், அதனால்தான் ஒன்பது இன்ச் சுவரைப் பார்த்தோம். மாடியில் ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுபோய்க் கௌல் மூடி போடலாம். அல்லது குளியலறை வென்ட் அருகில் இருந்தால் அதில் சேர்க்கலாம். சேரும் இடம் சிங்க் விளிம்புக்கு மேல் ஆறு இன்ச், அதாவது இந்த வீட்டில் தரையிலிருந்து 40 இன்ச்சாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே சேர்த்தால் அடைப்பில் ஏறும் தண்ணீர் குளியலறை வென்ட்டுக்குள் போய்விடும்.

தரையை மூடுவதற்கு முன் கல்லி ட்ராப் முனையையும் ஃபுட் வென்ட் முனையையும் அடைத்து, சிங்க் உயரம் வரை தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டு, கால் மணி நேரம் பார்க்க வேண்டும். கோடு இறங்கினால் ஒட்டு விட்டிருக்கிறது. மேடைக்குள் நிற்கும் இரு குழாய் முனைகளையும் உடனே மூடிவிட வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது விழும் சிமெண்ட் பால் அடியில் இறுகிப்போனால் எடுக்கவே முடியாது.

வேலை முடிந்த பிறகு வென்ட் மூச்சு விடுகிறதா என்று பார்க்க ஒரு ஊதுவத்தி போதும். சிங்க்கை நிறைத்து வைத்துக்கொண்டு, டோர் டீயின் கதவைத் திறந்து, அதன் வாயில் ஊதுவத்தியைப் பிடிக்க வேண்டும். மாடியில் கடற்காற்றில் இது தெரியாது, உள்ளேதான் தெரியும். ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். ஒருவர் அடைப்பானை எடுத்ததும் புகை நேராக நிற்பதை விட்டுக் குழாய்க்குள் வளைந்து ஓடும், தண்ணீர் இறங்கி முடிந்ததும் மறுபடி நிமிரும். புகை அசையவே இல்லையென்றால் இறங்கு காலுக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ தண்ணீர் தேங்கி நிற்கிறது.

டைல்ஸ் போட்டு முடித்த வீட்டில் இதெல்லாம் முடியாது. அங்கே காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்றை மேடைக்குள் டீயின் மேல்காலில் பொருத்துவார்கள். இழுப்பை அது தீர்க்கும். குழாய்க்குள் அழுத்தம் கூடினால் அதை வெளியே விட அதற்கு வழி கிடையாது. உள்ளே இருக்கும் ரப்பர் தட்டு ஒட்டிக்கொண்டாலும் கிழிந்தாலும் பழைய நாற்றமே திரும்பும். அதனால் அதை அடைத்து ஒட்டாமல், திருகிக் கழற்றும்படி, கேபினெட் கதவைத் திறந்தால் கை எட்டும் இடத்தில், சிங்க்கின் அடியைவிட உயரமாக வைக்க வேண்டும்.