கண்டாங்கிச் சேலைக்குப் பிரெஞ்சில் ஒரு விவரக் குறிப்பு

என் கல்லூரித் தோழி காரைக்குடியில் நெசவாளர்களிடம் கண்டாங்கிச் சேலை வாங்கி இணையக் கடையில் விற்கிறாள். பாரிஸிலிருந்து சிலர் வாங்கத் தொடங்கியதும், ஒவ்வொரு சேலைக்கும் பிரெஞ்சிலும் விவரக் குறிப்பு எழுதித் தரச் சொன்னாள். பிரான்சில் விற்கும் பொருளின் விவரம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று 1994 ஆம் ஆண்டின் தூபோன் சட்டம் சொல்கிறது. நான் புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு படித்தவள். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் சேலைக்கே மூன்று வாரம் ஆனது.

முதலில் எழுதியது முழுக்க அழகான சொற்கள். ‘அற்புதமான சேலை’, ‘உங்களை மயங்க விடுங்கள்’, ‘ஆயிரம் வண்ண இந்தியாவுக்கு ஒரு பயண அழைப்பு’. பிரெஞ்சு விளம்பரங்களில் இந்த வாக்கியங்களை நிறையப் பார்த்திருந்ததால் தடையில்லாமல் வந்தன. அதைப் பாரிஸ் புறநகரில் இருக்கும் என் பெரியம்மா மகளுக்கு அனுப்பினேன். அக்கா அங்கே ஒரு துணிக்கடையில் பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கிறாள். மறுநாள் அழைத்தாள். “சேலை என்ற சொல்லை எடுத்துவிட்டு மெழுகுவத்தி என்று போட்டுப் பாரடி. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். இதைப் படித்து யாரும் பணம் கட்ட மாட்டார்கள்” என்றாள்.

பிறகு கேள்விகளாகக் கேட்டாள். எவ்வளவு எடை? வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியுமா? துவைத்தால் சுருங்குமா? சாயம் இறங்குமா? எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. இணையத்தில் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே பொருளைத் திருப்பலாம் என்பது அங்குள்ள விதி. எழுதியதும் கைக்கு வந்ததும் ஒன்றாக இல்லையென்றால் சேலை கடல் தாண்டித் திரும்பி வரும். தோழிக்கு அந்த விற்பனையில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் ஒரு சேலையை வீட்டுக்கு வரவழைத்தேன். கடுகு மஞ்சளில் கட்டம், செங்கல் நிறத்தில் அகலமான கரை. கையில் எடுத்ததும் விறைப்பாக இருந்ததால் ‘தடித்த பருத்தி’ என்று எழுதியிருந்தேன். சமையலறைத் தராசில் வைத்தால் 530 கிராம்தான். நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் 1.20 மீட்டர். பெருக்கினால் 6.6 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிராம். இது தடித்த துணியே அல்ல. விறைப்பைக் கொடுத்தது கஞ்சி.

குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் காயவைத்து மறுபடி அளந்தேன். நீளம் 5.40, அகலம் 1.18. கஞ்சி போனதால் எடை 505 கிராமுக்கு இறங்கியது. துணி குழைவாகிவிட்டது. வாங்குபவர் முதல் நாள் பெறுவது ஒரு துணி, மூன்றாம் துவைப்புக்குப் பிறகு உடுத்துவது வேறொரு துணி. எனக்கு இந்த இடத்தில்தான் பிரெஞ்சு கைகொடுத்தது. துணி விழாமல் நிற்கும் குணத்துக்கு அவர்களிடம் ‘தெனு’ என்று ஒரு சொல் இருக்கிறது. மடிப்பு வைத்தால் மடிப்பு நிற்கும் என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். துவைக்கத் துவைக்க மென்மையாகும் என்பதற்கும் ‘ஓ ஃபீல் தே லவாஜ்’ என்ற தொடர் பழக்கத்தில் உண்டு. ‘ஃபீல்’ என்றால் நூல். துவைப்புகளின் நூலோடு என்று அதைப் பிரித்துப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. இரண்டையும் வரிசையாக வைத்தால், கஞ்சியின் விறைப்பு குறையாகத் தெரியாமல் கதையின் தொடக்கமாகிவிடுகிறது. அதில் பொய்யும் இல்லை.

சாயம்தான் என்னைச் சோதித்தது. சாயம் போகாத துணிக்குப் பிரெஞ்சில் ‘கிரான் தேன்’ என்று பெயர். பழைய துணிக்கடைச் சொல், நம்பிக்கை தரும் சொல். தோழி அதைப் போடச் சொன்னாள். ஈரமான வெள்ளைத் துணியைச் செங்கல் கரையில் நன்றாகத் தேய்த்தேன். மங்கிய இளஞ்சிவப்பு ஒட்டியது. அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை. முதல் சில முறை தனியாகத் துவைக்கவும் என்று எழுதினோம். ‘இயற்கைச் சாயம்’ என்பதும் இதே காரணத்தால் போயிற்று. நூலுக்கு ஏற்றியது ரசாயனச் சாயம் என்று நெசவாளரே சொன்னார். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற தொடரைப் பொருளின் மீதோ உறையின் மீதோ அச்சிடுவதையே பிரான்சின் 2020 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. தோழி சேலையோடு வைக்கும் அட்டையில் அது இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னேன்.

‘கையால் செய்தது’ என்ற சொல்லைப் பற்றித் தோழிக்கும் எனக்கும் உண்மையாகவே வாக்குவாதம் நடந்தது. தேடுபவர்கள் அதைத்தான் தட்டச்சு செய்கிறார்கள் என்பது அவள் பக்கம். நான் காரைக்குடிக்குப் போய் நெசவாளரிடம் கேட்டேன். “நூல் மில்லிலிருந்து வருகிறதம்மா. கையால் நூற்றால் அது கதர். நாங்கள் நெய்வது மட்டும்தான் கையில்” என்றார். நீளவாட்டு நூலான பாவை ஓட்டி வைத்துவிட்டால் ஒரு சேலைக்கு இரண்டு நாள் என்றும் சொன்னார். எனவே ‘திஸே ஆ லா மேன்’, அதாவது ‘கையால் நெய்தது’ என்று மட்டும் எழுதினோம். கைத்தறிக்குப் பிரெஞ்சில் ‘மெத்தியே ஆ ப்ரா’ என்பார்கள். கைகளால் இயங்கும் தறி என்று பொருள். குழிக்குள் இறங்கிய கால்களும் மிதியை மிதித்துக்கொண்டேயிருப்பதை நேரில் பார்த்தவளுக்கு அந்தப் பெயர் பாதியைத்தான் சொல்கிறது என்று தோன்றியது. ஆனால் அங்கே அதுதான் புழங்கும் சொல்.

மொழிப் பிழைகளில் ஒன்று ஆபத்தானது. ‘ப்ளூஸ் இல்லை’ என்று எழுதியிருந்தேன், இரவிக்கைத் துணி இணைக்கப்படவில்லை என்ற பொருளில். அக்கா திகைத்தாள். ஆங்கிலத்தில் இரவிக்கைக்கு வழங்கும் அதே சொல் பிரெஞ்சில் முதலில் நினைவூட்டுவது மருத்துவரும் செவிலியரும் போடும் மேலங்கியை. இரவிக்கைக்கு ‘கொர்ஸாஜ்’, உள்பாவாடைக்கு ‘ஜுப்போன்’ என்று மாற்றினோம். இன்னொன்று, ‘சாரி’ பிரெஞ்சில் ஆண்பால். சேலையைப் பெண்ணாகவே நினைத்துப் பழகிய எனக்கு விரல் தானாகப் பெண்பால் விகுதியைத் தட்டியது. கடுகு, செங்கல் போன்ற பொருட்பெயரிலிருந்து வந்த நிறச் சொற்கள் பன்மையில் மாறுவதில்லை. நான் கட்டங்களுக்கு ஏற்பக் கடுகையும் பன்மையாக்கியிருந்தேன். விழுக்காட்டுக் குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னே இடைவெளி விடுவதும் அவர்கள் வழக்கம். இவை சின்னவைதான். ஆனால் ஒன்று தவறினாலும் படிப்பவர் இது இயந்திர மொழிபெயர்ப்பு என்று நினைத்து மூடிவிடுவார் என்றாள் அக்கா.

கண்டாங்கி என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்த பெயர். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆனால் தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் தெரிந்த சொல் ஒன்று வேண்டும். அக்காதான் ‘மத்ராஸ்’ என்றாள். பிரெஞ்சில் அது கட்டம் போட்ட பருத்தித் துணியின் பெயர். நம் சென்னையின் பழைய பெயர்தான் துணியின் பெயராகக் கடல் கடந்து, கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளான மர்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் பெண்களின் தலைக்கட்டாகவும் பாவாடையாகவும் வாழ்கிறது. பாரிஸில் அந்தத் தீவுகளைச் சேர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். கண்டாங்கியை மத்ராஸ் என்றே அழைத்தால் அது திருட்டு. ‘மத்ராஸின் உறவு’ என்றால் உண்மை. ஒரு சொல்லில் இரண்டு கடற்கரைகள் சேர்ந்தன.

மூன்றாம் வாரத்தில் கடைப் பக்கத்தில் ஏறியது கீழே இருக்கிறது. கடுகுக் கட்டம், 20 செ.மீ. செங்கல் கரை, மத்ராஸின் உறவு, கைத்தறியில் இரண்டு நாள் நெய்த தூய பருத்தி, முதல் உடுத்தலிலேயே விறைப்பு, துவைக்கத் துவைக்க மென்மை என்று தொடங்கி, துவைத்த பின்னான அளவு, இரவிக்கையும் உள்பாவாடையும் இல்லை, குளிர்ந்த நீரில் முதல் சில முறை தனியாகத் துவைக்கவும் என்று முடிகிறது:

```
Sari kandangi moutarde et brique, tissé à la main

Des carreaux moutarde, une bordure brique de 20 cm :
ce sari de Karaikudi, en Inde du Sud, est un cousin du madras.
Tissé en deux jours sur un métier à bras, en pur coton,
il a de la tenue dès le premier drapé,
puis s'adoucit au fil des lavages.

Composition : 100 % coton
Dimensions après lavage : 5,40 m x 1,18 m
Corsage et jupon non fournis.
Laver à froid, séparément les premières fois.
```

‘பியூர் கொத்தோன்’, தூய பருத்தி, என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது அலங்காரச் சொல் போலத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 என்ற விதிப்படி, முழுக்க ஒரே இழையால் ஆன துணிக்கு மட்டுமே அதைப் போடலாம். இந்தச் சேலையில் சரிகை இல்லாததால் தயங்காமல் எழுத முடிந்தது.

இரண்டாவது சேலைக்கு வந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரு புதையல். அது மயில் கழுத்து நிறம்: நீலப் பாவில் குறுக்கு நூலாகப் பச்சை ஊடை, அசைத்தால் நிறம் மாறும். பிரெஞ்சில் ‘மயில் நீலம்’ உண்டு, ஆனால் அது அசையாத ஒரே நீலம். அகராதியைப் புரட்டியபோது ‘கோர்ஜ் த பிஜோன்’ கண்ணில் பட்டது. புறாவின் கழுத்து! பாவும் ஊடையும் வேறு நிறமாக நெய்து மினுங்கும் பட்டுக்கு அவர்கள் வைத்த பெயர். நம் நெசவாளர் மயிலைப் பார்த்த இடத்தில் அவர்களுடைய நெசவாளர் புறாவைப் பார்த்திருக்கிறார். உடனே அக்காவை அழைத்துச் சொன்னேன். அவளும் மகிழ்ந்தாள், ஆனால் சற்று யோசித்து, “என் கடைக்கு வரும் பாட்டிகளுக்குத் தெரியும். முப்பது வயதுக்காரிக்குச் சாம்பல் நிறப் பறவைதான் கண்ணில் வரும்” என்றாள். தலைப்பில் நீலப் பாவு, பச்சை ஊடை என்று வெளிப்படையாக வைத்தோம். புறாக் கழுத்தை உள்ளே மூன்றாவது வரியில், தெரிந்தவர்களுக்காக விட்டேன்.

அந்தச் சேலை முதலில் போனது லியோனுக்கு. பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். வாங்கிய அம்மையார் தோழிக்கு ஒரே வரியில் எழுதியிருந்தார்: அந்தச் சொல்லைத் தன் பாட்டிக்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லையாம்.