பாதிப் பேருக்கு விளம்பரம் காட்டாமல் விட்ட தீபாவளி

டர்பனில் நான் வேலை செய்வது ஒரு மசாலா, பூஜைச் சாமான் கடையில். முதலாளியின் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். முதலாளிக்குத் தமிழ் பேச வராது. ஆனால் புரட்டாசி, காவடி, கற்பூரம் எல்லாம் சுத்தமாக வரும். நான் திருநெல்வேலிக்காரன். இங்கே எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை அங்கிள் என்றே அழைக்கிறேன். கணக்கு, ஸ்டாக், இப்போது விளம்பரம், எல்லாம் என் தலையில்.

எங்களிடம் 12,000 வாடிக்கையாளர்களின் செல்போன் எண்கள் இருக்கின்றன. பில் போடும்போது எண்ணைச் சொன்னால் புள்ளி சேரும் என்பதால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். இந்தப் பட்டியலை ஒரு விளம்பர ஏஜென்சி பேஸ்புக்கில் ஏற்றி, அவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டியது. மாதம் ஒருமுறை அறிக்கை வரும். போட்ட ஒரு ராண்டுக்கு ஒன்பது ராண்டு விற்பனை என்று அதில் இருக்கும். அங்கிள் அதைப் பிரிண்ட் எடுத்து கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்.

எனக்கு ஒரே ஒரு உறுத்தல். பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே நம் வாடிக்கையாளர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஆயா நம் விளம்பரத்தைப் பார்த்தா கடலை மாவு வாங்க வருகிறார்? முப்பது வருடமாக வருகிறார். விளம்பரம் அவர் செல்போனில் ஒரு தடவை வந்து போயிருந்தால் போதும், அடுத்த நாள் அவர் போடும் பில்லை அந்த அறிக்கை தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கல்யாண வீட்டு வாசலில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, உள்ளே போன கூட்டம் முழுவதும் என்னால்தான் வந்தது என்று சொல்வதைப் போல.

உண்மையை அறிய ஒரு வழிதான் உண்டு. பட்டியலைக் குலுக்கி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு விளம்பரம், மறு பாதிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு கல்லாப் பதிவை வைத்து இரண்டு பக்கமும் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ண வேண்டும். விளம்பரம் காட்டாத பக்கத்திலும் அதே அளவு கூட்டம் வந்தால் விளம்பரம் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்று அர்த்தம்.

அங்கிளுக்கு இது பிடிக்கவில்லை. "சீசன் நேரத்தில் 6,000 பேரை விட்டுவிடுவதா? வேண்டுமானால் 600 பேரை ஒதுக்கி வை" என்றார். அந்த 600 ஏன் போதாது என்று காட்ட ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். தீபாவளிக்கு முந்தின நான்கு வாரத்தில் எங்கள் பட்டியலில் நூற்றுக்கு 23 பேர் வாங்குவார்கள். 600 பேரில் அது சுமார் 140. ஆட்களை எண்ணும்போது தற்செயலாகவே ஏற்ற இறக்கம் வரும். தோராயமாக எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கு. 140-க்கு அது 24, அதாவது 17 சதவீதம். விளம்பரச் செலவை மீட்க எங்களுக்கு 14 சதவீதம் கூடுதல் ஆட்கள் வந்தாலே போதும். ஆக, விளம்பரம் லாபம் தந்தாலும் சரி, நஷ்டம் தந்தாலும் சரி, 600 பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதோடு ஈபே கதையையும் சொன்னேன். தங்கள் பெயரைத் தேடுபவர்களுக்கே காசு கொடுத்து விளம்பரம் காட்டிக்கொண்டிருந்த அந்த நிறுவனம், 2012-ல் சில தேடுபொறிகளில் அதை நிறுத்திப் பார்த்தது. போயிருக்க வேண்டிய கிளிக்குகளில் 99.5 சதவீதம் காசில்லாத தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. அங்கிள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதலில் ஆடியில் பண்ணிப் பார். தீபாவளியில் வேண்டாம்" என்றார்.

ஆடி மாதம் இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவு நன்றாகப் போகும். சரி என்று ஆரம்பித்தேன், சொதப்பினேன். தப்பு என்னுடையதுதான். எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இதைப் போட்டிருந்தேன்:

```
=IF(RAND()<0.5,"A","B")
```

A-க்கு விளம்பரம், B-க்குக் கிடையாது. B பட்டியலை ஏஜென்சிக்கு அனுப்பி, இவர்களை விலக்கிவிடுங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்து எண்ணினால் இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒரே அளவு. விளம்பரம் வேலையே செய்யவில்லை என்று கிட்டத்தட்ட அங்கிளிடம் சொல்லப் போய்விட்டேன். அனுப்பிய கோப்பைத் திறந்து ஒருதரம் ஒப்பிட்டதால் தப்பித்தேன். அதில் B-யாக இருந்தவர்களில் பாதிப் பேர் என் ஷீட்டில் A-யாக இருந்தார்கள். RAND() ஒவ்வொரு முறை ஷீட்டைத் திறக்கும்போதும் புதிதாகக் குலுக்கும். நான் எண்ணிய இரண்டு பக்கமும் கலந்துபோன கூட்டம். விளம்பரம் கடையையே நிரப்பியிருந்தாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான் வந்திருக்கும். குழுக்கள் கலந்தால் விடை எப்போதும் வித்தியாசம் இல்லை என்ற பக்கமே சாயும். அதனால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. விளம்பரத்தை ஏற்கெனவே சந்தேகப்படுகிற என்னைப் போன்ற ஆளுக்கு அது இனிப்பாக வேறு இருக்கும்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். தீபாவளிக்கே அங்கிள் சம்மதித்துவிட்டார், ஆடி அறிக்கையிலும் ஒன்பது என்றே வந்திருந்ததால். பாதிப் பேரை விலக்கியும் அதே ஒன்பதா என்று அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. (அதில் அதிசயம் இல்லை. செலவும் பாதியாகியிருந்தது.)

இந்த முறை குலுக்கியதும் ஃபார்முலாவை எடுத்துவிட்டு விடையை மட்டும் மதிப்பாக ஒட்டி, கோப்பைப் பூட்டிவிட்டேன். ஒரே முகவரியில் இரண்டு மூன்று எண்கள் இருந்தால் அந்த வீட்டை மொத்தமாக ஒரு பக்கம் போட்டேன். புருஷன் பார்த்து மனைவி வந்து வாங்கினால் கணக்கு கெடும் அல்லவா? குலுக்கும் முன் பட்டியலை இரண்டு அடுக்காகவும் பிரித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கடைப்பக்கம் வராதவர்கள் ஓர் அடுக்கு, மற்றவர்கள் இன்னோர் அடுக்கு. வராதவர்கள் 3,800 பேர். பக்கத்துக்கு 1,900. கடைசியாக, போன வருட தீபாவளியில் இரண்டு பக்கமும் எவ்வளவு பேர் வாங்கினார்கள் என்று பார்த்தேன். ஏறக்குறைய சமம். விளம்பரம் தொடங்கும் முன்பே ஒரு பக்கம் கனத்திருந்தால் குலுக்கலில் கோளாறு என்று பொருள்.

முதல் வாரத்திலேயே ஓர் ஓட்டை. உம்கேனி ரோடு கோயிலில் அங்கிளின் மைத்துனர் செல்போனை நீட்டி, "உங்கள் விளம்பரம் வருகிறதே" என்றார். அவர் B! விசாரித்தால், ஏஜென்சி பழைய விளம்பரப் பிரச்சாரத்தை நகலெடுத்து இன்னொன்று ஓட்டிக்கொண்டிருந்தது. அதில் விலக்குப் பட்டியலைப் போடவில்லை. அன்றே சரிசெய்யச் சொல்லி, நான்கு வாரத்தை அன்றிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கினேன். ஓடும் ஒவ்வொரு பிரச்சாரத்திலும் விலக்குப் பட்டியல் இருக்கிறதா என்று நீங்களே திரையில் பாருங்கள். வாய்வார்த்தை போதாது.

தீபாவளி முடிந்தது. ஏஜென்சி அறிக்கை: செலவு 24,000 ராண்டு, விளம்பரத்தால் 515 பில்கள், சுமார் 2,16,000 ராண்டு விற்பனை. மறுபடியும் ஒன்பது.

கல்லாப் பதிவில் A-யில் வாங்கியவர்கள் 1,452. விளம்பரமே பார்க்காத B-யில் 1,398. வித்தியாசம் 54 பேர்.

இந்த இடத்தில் ஏஜென்சிக்காரர் ஒரு குறுக்குவழி சொன்னார். A-யில் எல்லோரும் விளம்பரத்தைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களை மட்டும் எடுத்து B-யோடு ஒப்பிடுங்கள் என்றார். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் கூடாது. யார் பார்த்தார்கள் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. செல்போனிலேயே கிடப்பவர்கள், வாங்கக்கூடியவர் என்று பேஸ்புக்கே தேர்ந்தெடுத்தவர்கள், இவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள். அப்படி ஒப்பிட்டால் பழைய தப்பு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். குலுக்கலில் A என்று விழுந்தால் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் A.

ராண்டிலும் கூட்டிப் பார்த்தேன். B பக்கம் அதிகமாக வந்தது! காரணம் ஒரே ஒரு பில், கோயில் அன்னதானத்துக்கு 18,000 ராண்டுக்கு அரிசியும் பருப்பும் எடுத்த ஒருவர். எங்களைப் போன்ற கடைக்குத் தொகையைவிடத் தலையெண்ணிக்கை நம்பகமானது.

சரி, 54 பேர் என்பது உண்மையான வித்தியாசமா? இரண்டு பக்கமும் வாங்கியவர்களைக் கூட்டினால் 2,850. வர்க்கமூலம் சுமார் 53, அதன் இரண்டு மடங்கு 107. அதாவது உண்மையான கூடுதல் 54-க்கு 107 கீழேயும் இருக்கலாம், 107 மேலேயும் இருக்கலாம். மேல் எல்லை 161 பேர். விளம்பரம் வேலை செய்யவில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தேவையான கேள்வி அதுவல்ல. ஒரு சராசரி பில் 420 ராண்டு, அதில் எங்களுக்கு நிற்பது 126. 24,000 ராண்டை எடுக்க சுமார் 190 பேர் கூடுதலாக வந்திருக்க வேண்டும். எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் 161-தான். அங்கிள் கால்குலேட்டரில் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த தாள் மறுநாள் அங்கே இல்லை.

ஏஜென்சிக்காரர், "பலன் மெதுவாக வரும்" என்றார். அடுத்த நான்கு வாரமும் யாருக்கும் விளம்பரம் இல்லாமல் எண்ணினேன். A 588, B 601. மெதுவாக எதுவும் வரவில்லை.

அடுக்குவாரியாகப் பார்த்தபோதுதான் எனக்கே ஆச்சரியம். வழக்கமாக வருபவர்களில் A 1,356, B 1,340. ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வராதவர்களில் A 96, B 58. கூடுதல் 38. மொத்தம் 154-இன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் 25-தான். ஆக, இது தற்செயலைத் தாண்டிய வித்தியாசம். அந்த 1,900 பேருக்கு ஆன செலவு ஏறக்குறைய 7,600 ராண்டு. அதை மீட்க சுமார் 60 பேர் வேண்டும், வந்தது 38. முதல் பில்லில் நஷ்டம்தான். அவர்கள் இரண்டாவது, மூன்றாவது தடவை வந்தால் கணக்கு மாறும்.

அதனால் வழக்கமானவர்களுக்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டோம். வராதவர்களை மட்டும் மறுபடி குலுக்கி, தைப்பூசக் காவடிக்கு முன் தொடங்கி ஆறு மாதம் வரை எண்ணப்போகிறோம். இந்த முறை 600 பேர் போதுமே என்று அங்கிள் சொல்லவில்லை. மைத்துனரை எந்தப் பக்கம் போட்டாய் என்று மட்டும் கேட்டார்.