இரண்டு பக்கம் மட்டும் பெயின்ட் இல்லாத கனசதுரம்

ரயில்வே தேர்வுக்குப் படித்தபோது ரீசனிங்கில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது பெயின்ட் அடித்த கனசதுரக் கணக்குதான். வண்ணமடித்த பெரிய கனசதுரத்தைச் சம அளவுச் சிறு கனசதுரங்களாக வெட்டினால், எத்தனை துண்டுகளில் எத்தனை பக்கம் வண்ணம் இருக்கும் என்று எண்ண வேண்டும். ஆறு பக்கமும் வண்ணம் என்றால் சூத்திரம் போதும். ஒரு விளிம்பில் n துண்டுகள் இருந்தால், மூன்று பக்கம் வண்ணம் உள்ளவை 8, இரண்டு பக்கம் உள்ளவை 12(n−2), ஒரு பக்கம் உள்ளவை 6(n−2)², வண்ணமே இல்லாதவை (n−2)³. 4 செ.மீ. கனசதுரத்தை 1 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் 8, 24, 24, 8. மொத்தம் 64.

ஆனால் 'அடுத்தடுத்த இரண்டு பக்கங்களுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை' என்று கேள்வி வந்தால் இந்தச் சூத்திரம் உதவாது. அப்போதுதான் துண்டுகளை மூலை, விளிம்பு, முக நடு, உள்ளே என்று பிரித்து எண்ணப் பழகினேன். அதே 64 துண்டுகளையே எடுத்துக்கொள்வோம். மேல்பக்கமும் முன்பக்கமும் வெறுமையாக இருக்கட்டும்.

முதலில் 8 மூலைகள். இரண்டு வெறும் பக்கங்களையும் தொடாத மூலைகள் 2. அவற்றுக்கு மட்டும் மூன்று வண்ணப் பக்கங்கள் உண்டு. ஒன்றைத் தொடுபவை 4, அவற்றுக்கு இரண்டு. இரண்டையும் தொடும் மற்ற 2 மூலைகளுக்கு ஒன்றே ஒன்று.

அடுத்து 12 விளிம்புகள். மூலைகளை விட்டால் ஒவ்வொன்றிலும் 2 துண்டுகள் மிஞ்சும். வண்ணப் பக்கங்கள் இரண்டு சந்திக்கும் விளிம்புகள் 5, அதாவது 10 துண்டுகள். ஒரு பக்கம் மட்டும் வண்ணமுள்ள விளிம்புகள் 6, அவற்றில் 12 துண்டுகள். மேல்பக்கமும் முன்பக்கமும் சந்திக்கும் விளிம்பின் 2 துண்டுகளில் வண்ணமே கிடையாது.

முக நடுவில் பக்கத்துக்கு 4 துண்டுகள். வண்ணமடித்த நான்கு பக்கங்களில் 16, வெறும் பக்கங்களில் 8. உள்ளே ஒளிந்திருப்பவை 8.

கூட்டிப் பார்த்தால் மூன்று பக்கம் 2, இரண்டு பக்கம் 14, ஒரு பக்கம் 30, வண்ணமில்லாதவை 18. மொத்தம் 64, சரி. இன்னொரு சோதனையும் செய்வேன்: 2×3 + 14×2 + 30 = 64. நான்கு வண்ணப் பக்கங்களில் பக்கத்துக்கு 16 சதுரம் என்றாலும் அதே 64. எண்ணுவதில் ஒரு துண்டு இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் இங்கே தெரிந்துவிடும்.

ஆனால் கேள்வியைத் தவறாகப் படித்தால் இந்தச் சோதனை காப்பாற்றாது. வெறும் பக்கங்கள் எதிரெதிரே இருந்தால் விடை 0, 16, 32, 16. அதிலும் இரண்டு சோதனைகளும் 64 என்றே வரும். அதனால் பக்கங்கள் அடுத்தடுத்தவையா, எதிரெதிரானவையா என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுவேன்.

சில கேள்விகளில் இதை நேரடியாகச் சொல்ல மாட்டார்கள். நிறங்களை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டும். அங்கே டைஸ் கணக்கின் வழிதான் கைகொடுக்கும். எந்தப் பக்கத்துக்கும் அண்டை நான்கு, எதிர் ஒன்று. சிவப்புக்கு அருகில் நீலம், மஞ்சள், வெள்ளை, கறுப்பு வந்துவிட்டால், மிஞ்சிய பச்சைதான் சிவப்புக்கு எதிரே.