ஆட்கொணர்வு மனு கேள்வி: கடலூர் குண்டர் சட்ட வழக்கு ஒன்றை வைத்து விடை எழுதும் முறை

நீதிப்பேராணைகள் என்றதும் ஐந்தின் பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் கொடுத்துவிட்டு வருகிறார்கள் பலர். பத்து மதிப்பெண் கட்டுரைக் கேள்விக்கு அது ஓரளவு போதும். புதுச்சேரி சட்டக் கல்லூரித் தேர்விலோ உரிமையியல் நீதிபதி தேர்விலோ கேள்வியை ஒரு சம்பவமாகக் கொடுத்தால் அது உதவாது. சம்பவக் கேள்வியில் அதிகம் வரக்கூடியது ஆட்கொணர்வு மனு. அதிலும் தமிழ்நாட்டு மாணவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது, பேச்சு வழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டப்படியான தடுப்புக்காவல்.

ஒரு மாதிரிக் கேள்வி. கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒருவர் வழிப்பறி வழக்கில் ஜனவரி 5-ஆம் தேதி கைதாகிறார். குற்றவியல் நடுவர் ரிமாண்டு செய்ய, கேப்பர் மலையில் உள்ள மத்தியச் சிறைக்கு அனுப்பப்படுகிறார். ஜாமீன் மனு எதுவும் போடவில்லை. ஜனவரி 24 அன்று மாவட்ட ஆட்சியர் தடுப்புக்காவல் உத்தரவு போடுகிறார். அன்றே சிறையில் அது சார்வு செய்யப்படுகிறது. காரணங்களும் ஆவணத் தொகுப்பும் ஜனவரி 28-இல் கைக்கு வருகின்றன. அதில் ரிமாண்டு உத்தரவு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவருக்கோ தமிழ் மட்டுமே தெரியும். அரசு பிப்ரவரி 3-இல் ஒப்புதல் தருகிறது, 10-இல் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்புகிறது. மனைவி கொடுத்த முறையீடு பிப்ரவரி 6-இல் அரசுக்குக் கிடைக்கிறது. மார்ச் 12-இல்தான் நிராகரிக்கப்படுகிறது. தாமதத்துக்கு விளக்கம் இல்லை. மனைவி உயர் நீதிமன்றம் போகிறார். மனு நிற்குமா?

முதலில் பார்க்க வேண்டியது, ஆள் எந்த வகைக் காவலில் இருக்கிறார் என்பது. இங்கே இரண்டு காவல் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. ஒன்று நடுவரின் ரிமாண்டு, மற்றொன்று ஆட்சியரின் உத்தரவு. ரிமாண்டு உத்தரவு அதிகார வரம்பு இல்லாமலோ முற்றிலும் எந்திரத்தனமாகவோ போடப்பட்டிருந்தால் ஒழிய, அதை எதிர்த்து ஆட்கொணர்வு மனு நிற்காது என்பது பொது விதி. மனுபாய் ரதிலால் பட்டேல் வழக்கு (2013) இதற்கு மேற்கோள். ஆகவே மனு ஆட்சியரின் உத்தரவுக்கு எதிராகத்தான் என்று முதல் பத்தியிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். இதைப் பிரிக்காமல் எழுதினால் பின்னால் வரும் எல்லாமே குழம்பும்.

அடுத்து ஒரு பொறி. ‘24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவில்லை’ என்று எழுதக் கை துடிக்கும். தடுப்புக்காவலுக்கு அந்த உரிமை கிடையாது. அரசமைப்பின் 22(3) அதை விலக்கிவிடுகிறது. இங்கே கிடைக்கும் பாதுகாப்பு 22(4), 22(5) இரண்டும்தான். மூன்று மாதத்துக்கு மேல் வைக்க அறிவுரைக் கழகத்தின் கருத்து வேண்டும். காரணங்களைச் சொல்ல வேண்டும், முறையிட விரைவில் வாய்ப்புத் தர வேண்டும்.

இனி விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு சட்டத்தின் கெடுக்களோடு ஒப்பிடுங்கள். காரணங்களை 5 நாளுக்குள் தர வேண்டும் (பிரிவு 8); நாலாவது நாளில் தந்துவிட்டார்கள். உத்தரவு போட்ட 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் வேண்டும் (பிரிவு 3(3)). பத்தாவது நாளில் கிடைத்துவிட்டது. மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும் (பிரிவு 10). 17 நாளில் போய்விட்டது. மூன்றுமே சரி. கேள்வி போடுபவர் வேண்டுமென்றே சரியான தேதிகளையும் கலந்து வைப்பார். ‘இவற்றில் குறையில்லை’ என்று எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு. எல்லாத் தேதியிலும் பழுது கண்டுபிடிப்பவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்றுதான் திருத்துபவர் நினைப்பார்.

பழுது மூன்று இடத்தில் இருக்கிறது. முறையீடு 34 நாள் கிடந்தது முதலாவது. இதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘30 நாள் தாண்டிவிட்டது, அதனால் செல்லாது’ என்று எழுதினால் தவறு. கே.எம். அப்துல்லா குன்ஹி வழக்கில் (1991) அரசமைப்பு அமர்வு சொன்னது, எத்தனை நாள் என்று வரையறுக்க முடியாது, அசட்டை இல்லாமல் விரைந்து பரிசீலித்திருக்க வேண்டும் என்பதே. நாள் கணக்கு அல்ல, விளக்கமில்லாமை உத்தரவை வீழ்த்துகிறது. நடைமுறையில் அரசு தரப்பு எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது, இடையில் விடுமுறை எத்தனை என்று அட்டவணை போட்டுத் தாக்கல் செய்வது இதனால்தான்.

இரண்டாவது, ஜாமீன். ஏற்கெனவே சிறையில் இருப்பவரைத் தடுத்து வைக்க வேண்டுமானால், அவர் உண்மையிலேயே ஜாமீனில் வெளியே வரக்கூடும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று ஆட்சியர் முன் இருந்திருக்க வேண்டும். நம் வழக்கில் மனுவே நிலுவையில் இல்லை. ‘இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது’ என்ற வாசகம் இத்தகைய உத்தரவுகளில் வழக்கமாக இருக்கும். எந்த வழக்கு, எந்தத் தேதி, உடன் குற்றவாளிக்கா, அவரும் இவரும் ஒரே நிலையில் உள்ளவர்களா என்ற விவரம் இல்லாவிட்டால் அது போதாது என்று ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் சொன்னது. இதே 14-ஆம் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு என்பதால் இங்கே பொருத்தமான மேற்கோள் இதுவே.

மூன்றாவது, ஆங்கிலத்தில் தந்த ரிமாண்டு உத்தரவு. இதற்குப் பவானம்மாள் வழக்கு (1999). அதுவும் நம் மாநிலத்திலிருந்து போனதுதான். ஆவணத்தை ஆட்சியர் ‘சார்ந்து’ முடிவெடுத்தாரா, வெறுமனே ‘குறிப்பிட்டாரா’ என்ற வேறுபாட்டை இதில் விடாதீர்கள். சார்ந்திருந்தால் மொழிபெயர்ப்புத் தராததே உத்தரவைச் செல்லாததாக்கும். குறிப்பிட்டது மட்டும் என்றால் அதனால் என்ன பாதிப்பு என்று மனுதாரர் காட்ட வேண்டும். கேள்வியில் இது சொல்லப்படவில்லை என்றால் இரண்டு வழியையும் எழுதிவிட்டு நகருங்கள்.

மனுவின் உருவம் கேட்டால் சுருக்கமாக: உறுப்பு 226-இன் கீழ் மனைவியே மனுதாரராகலாம். எதிர்மனுதாரர்கள் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர், மாவட்ட ஆட்சியர், சிறைக் கண்காணிப்பாளர், காவல் துறை அதிகாரிகள். கடலூர் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்; மதுரைக் கிளை அல்ல. விசாரிப்பது இரு நீதிபதிகள் அமர்வு. ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் விசாரிக்க முடியும் என்பதில்லை, கனு சன்யால் வழக்குக்குப் பிறகு.

‘உத்தரவு ரத்து, ஆள் விடுதலை’ என்று எழுதி முடிப்பவர்களே அதிகம். வழிப்பறி வழக்கு ரிமாண்டு அப்படியே இருக்கிறதே? அதனால்தான் தீர்ப்புகளின் கடைசி வரியில் ‘வேறு வழக்கில் காவல் தேவைப்படாவிட்டால்’ என்ற நிபந்தனை சேர்க்கப்படுகிறது. நம் ஆள் தடுப்புக்காவலிலிருந்து விடுபட்டாலும், ஜாமீன் வாங்கினால்தான் கேப்பர் மலையை விட்டு இறங்க முடியும்.

இதே சம்பவத்தைப் பாகூரிலோ வில்லியனூரிலோ நடந்ததாகக் கொடுத்தால் 14-ஆம் சட்டத்தின் பிரிவுகளை எழுதக் கூடாது. அது தமிழ்நாட்டுச் சட்டம், புதுச்சேரி ஒன்றியப் பகுதி. போக வேண்டிய நீதிமன்றம் அதே சென்னை உயர் நீதிமன்றம்தான். 22(5) சார்ந்த வாதங்களும், ஜாமீன் பற்றிய வாதமும் அங்கேயும் அப்படியே செல்லும்.