ஆஃபரை ஏற்றுக்கொண்டு, சம்பளப் பிரிப்பை எழுத்தில் வாங்கிய கதை

கேம்பஸில் செலக்ட் ஆகி, சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியின் ஆஃபர் லெட்டர் வந்தது. சி.டி.சி., அதாவது கம்பெனி எனக்காக ஒரு வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 4,20,000 ரூபாய். கீழே இணைப்பில் இரண்டே வரி: ஃபிக்ஸட் பே 3,78,000, வேரியபிள் பே 42,000. பேசிக் எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, கையில் எவ்வளவு என்று எதுவும் இல்லை. போர்ட்டலில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பட்டன்கள்தான். கேள்வி கேட்க இடமே கிடையாது.

எச்.ஆருக்கு ஃபோன் போட்டேன். "ஃபிக்ஸடை பன்னிரண்டால வகுத்துக்கோங்க, அதுல பி.எஃப். மட்டும்தான் போகும்" என்றார். அதாவது 31,500-இல் 1,800 போக 29,700. இதை அப்படியே மெயிலில் அனுப்புவீர்களா என்றதும் குரல் மாறிவிட்டது. "அதெல்லாம் ஜாயினிங் அன்னிக்கு இண்டக்‌ஷன்ல சொல்லுவாங்க. ஃப்ரெஷர்ஸ் யாரும் இப்படிக் கேக்கறதில்ல." கேட்டால் ஆஃபரே போய்விடும் என்று நண்பர்கள் வேறு பயமுறுத்தினார்கள்.

பேரோல் வேலையில் இருக்கும் பெரியம்மா மகள்தான் வழி சொன்னாள். "ஏத்துக்கிறதையும் கேள்வியையும் ஒண்ணாக் குழப்பாதடா. 'பிரிப்பு சரியா இருந்தா சேருறேன்'னு எழுதினா அது ஏத்துக்கிட்டதே ஆகாது." 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். அதனால் கெடு முடியும் முன்பே போர்ட்டலில் ஏற்றுக்கொண்டுவிட்டு, அதே நாளில் மெயிலும் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"தாங்கள் அனுப்பிய பணி வாய்ப்பை ஏற்றுக்கொள்கிறேன். குறிப்பிட்ட தேதியில் சேருகிறேன். போர்ட்டலிலும் ஏற்பைப் பதிவு செய்துவிட்டேன்.

தனியாக ஒரு வேண்டுகோள். 4,20,000 ரூபாயின் பிரிப்பை மாத வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். குறிப்பாக, ஃபிக்ஸட் பே-யில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீட்டுப் பிரீமியம் அடங்குமா? பி.எஃப். முழு பேசிக்கின் மீதா, 15,000 ரூபாய் உச்சவரம்பின் மீதா? வேரியபிள் பே எப்போது, எந்த நிபந்தனையில் தரப்படும்? பிடித்தங்கள் போக ஒரு முழு மாதத்துக்குக் கையில் வரும் தொகை எவ்வளவு?"

பதிலாக அதே இரண்டு வரி இணைப்பை மறுபடி அனுப்பினார்கள்! கோபம் வந்தாலும் அதே மெயிலுக்குக் கீழேயே, "நான் கேட்ட விவரங்கள் இதில் இல்லை, சம்பளப் பிரிவுக்கு அனுப்பிவைக்க முடியுமா?" என்று மட்டும் எழுதினேன். இந்த ஒரு வரிதான் வேலை செய்தது. எச்.ஆர். ஆளெடுக்கும் பிரிவு, கணக்கு இருப்பது பேரோலில்.

வந்த அட்டவணையில் பேசிக் மாதம் 17,500, வீட்டு வாடகைப்படி 7,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 3,608. மொத்தம் 28,108 ரூபாய். எச்.ஆர். சொன்ன 31,500 எங்கே? 'ஃபிக்ஸட்' என்ற பெயருக்குள் மூன்று சங்கதிகள் ஒளிந்திருந்தன. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு ஆண்டுக்கு 21,600. கிராஜுவிட்டி, பேசிக்கில் 4.81 சதவீதம், 10,101. காப்பீடு 9,000. கூட்டினால் 40,701; மாதத்துக்கு ஏறக்குறைய 3,392. பி.எஃப். பங்காவது என் கணக்கில் சேரும். கிராஜுவிட்டி என்பது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை, அதற்கு ஐந்து வருடம் தொடர்ந்து அங்கேயே இருக்க வேண்டும். காப்பீட்டில் அப்பா அம்மா கிடையாது.

28,108-இல் என் பங்கு பி.எஃப். 1,800 போனால் 26,308. ஃபோனில் கேட்டதைவிட மாதம் 3,392 குறைவு. நல்லவேளை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தெரிந்தது. வேளச்சேரியில் தனி அறை பார்த்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு இருவராகப் பகிரும் அறைக்குப் போனேன்.

வேரியபிள் பற்றிய பதில்தான் முக்கியம்: நிதியாண்டு முடிந்த பிறகு ஒரே தவணை, முதல் வருடம் வேலை பார்த்த மாதங்களுக்கு மட்டும், பணம் தரும் தேதியில் வேலையில் இருக்க வேண்டும், ராஜினாமா கொடுத்திருந்தால் கிடையாது. இது ஆஃபர் லெட்டரில் எங்குமே இல்லை. 42,000-ஐ மாதச் சம்பளமாக நினைத்து இ.எம்.ஐ. எதுவும் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, அந்த மெயிலைச் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள். சேர்ந்ததும் எங்கள் ஆஃபர் போர்ட்டலை மூடிவிட்டார்கள். அதில் மட்டும் பார்த்து வைத்தவர்களிடம் இப்போது காட்ட எதுவும் இல்லை.

முதல் முழு மாதச் சம்பளம் அட்டவணைப்படி சரியாக வந்தது. செப்டம்பரில் திடீரென 1,250 ரூபாய் குறைந்தது. தொழில் வரியாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடிப்பார்களாம். பழைய மெயிலைத் திறந்து, "அட்டவணையில் இது இல்லையே" என்று பேரோலுக்கு எழுதினேன். மறுநாளே அந்த வரியையும் சேர்த்துப் புது அட்டவணை அனுப்பினார்கள். இந்த முறை எச்.ஆருக்கும் காப்பி போட்டிருந்தார்கள்.