"சேர்ந்துதான் முடிவு செய்வோம்"

மார்ச் 3

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையானது. முதலில் ரத்தம் ஏறட்டும், கர்ப்பப்பைக் கட்டியை அப்புறம் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அறையை விட்டு வெளியே வந்ததும் அம்மா கேட்டது: "அப்பாகிட்ட யார் சொல்றது?"

மார்ச் 4

தூக்கமே இல்லை.

மார்ச் 6

ஒன்றரை வருஷமாக மாதத்தில் பத்து நாள் ரத்தம் போயிருக்கிறது. அம்மா வாய் திறக்கவில்லை. ஏன் டாக்டரிடம் வரவில்லை என்று கேட்டால், "அவரைக் கேட்டேன், பாக்கலாம்னார்" என்கிறாள். மறுபடியும் கேட்டிருக்கிறாள், மறுபடியும் பாக்கலாம். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

"நான் வேண்டாம்னு சொன்னேனா?" என்கிறார் அப்பா. சொல்லவில்லைதான். ஆனால் தனக்கு முழங்கால் வலித்தபோது அவர் யாரையும் கேட்கவில்லை. காலையில் வலித்தது, மதியம் போய்க் காட்டினார், இரவு சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார். ஒருவர் தகவல் சொல்கிறார், இன்னொருவர் அனுமதி கேட்கிறார். இரண்டு நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7

கணக்கெடுப்பு வேலையில் வீடு வீடாகப் போய் நான் கேட்கும் கேள்வியை இன்று அம்மாவிடம் கேட்டேன். உங்கள் உடல்நலம் பற்றி வழக்கமாக யார் முடிவு எடுப்பது: நீங்களா, கணவரா, இருவரும் சேர்ந்தா, வேறு யாராவதா?

யோசிக்கவே இல்லை. "சேர்ந்துதான்."

எத்தனை வீடுகளில் இந்த பதிலை அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்! படிவத்தில் அது நல்ல பதில். முடிவில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்றுதான் கணக்கில் ஏறும். இன்று விடவில்லை. சரி, நீ போகணும்னு சொல்லி அவர் வேண்டாம்னா? "போகமாட்டேன்." அவருக்கு டாக்டர்கிட்ட போகணும், நீ வேண்டாம்னா? சிரித்தாள். "அவர் எதுக்கும்மா என்னைக் கேக்கணும்?"

கருத்து ஒத்துப்போகும் நாளில் எல்லாமே சேர்ந்து எடுத்த முடிவுதான். ஒத்துப்போகாத நாளில் என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

மார்ச் 9

நேற்று இரவு கரண்டி பாத்திரத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். தட்டு எடுக்கவில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல துண்டுகளெல்லாம் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் போய்விட்டன. ஆம், எனக்கும். நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவர்களோடுதான் உட்காருகிறேன். எப்போது இடம் மாறினேன் என்று நினைவே இல்லை.

சாப்பாடு நிறைய இருக்கும் நாளில் கடைசியில் சாப்பிடுவதால் பெரிய நஷ்டம் இல்லை. சொல்லாமல் ஒருவர் கூட வந்த நாளில், அண்ணன் இன்னொரு தடவை வாங்கிக்கொண்ட நாளில், குறைவு யார் தலையில் விழும் என்பது வரிசையில் முன்பே எழுதியிருக்கிறது. யாரும் அவள் பங்கைப் பிடுங்கவில்லை. "எனக்குப் பசிக்கல" என்று அவளே சொல்லிவிடுவாள். மாதாமாதம் ரத்தம் இழந்து அதிக இரும்புச்சத்து தேவைப்பட்டவளுக்கு, மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்.

மார்ச் 10

அம்மா இரும்புச்சத்து மாத்திரை போடவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சலாம், மறந்துவிட்டாளாம்.

மார்ச் 13

அம்மாவும் இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறாள். ஏடிஎம் கார்டு அப்பாவின் பர்ஸில் இருக்கிறது. "வீட்டுச் செலவெல்லாம் உங்க அம்மா கையிலதான்" என்று பெருமையாகச் சொல்வார், அதுவும் பொய் இல்லை. என்ன சமைப்பது, எதை எப்போது வாங்குவது எல்லாம் அவள்தான். கான்ஸ்டன்டினா சஃபிலியோஸ்-ராத்ஸ்சைல்டு என்ற சமூகவியலாளர் 1976-ல் இதைப் பிரித்துக் காட்டினார். எதை யார் முடிவு செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் ஒன்று, அதை நடத்திக்கொண்டு போகிற அதிகாரம் இன்னொன்று. இரண்டாவது தினமும் நேரத்தைத் தின்னும். முதலாவது எப்போதாவதுதான் தேவைப்படும், ஆனால் வீடு எங்கே போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

அம்மாவுக்குக் கிடைத்தது இரண்டாவது. கூடவே 7.4.

மார்ச் 15

இன்று அம்மாவை முதலில் உட்கார வைத்தேன். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் வந்தது, அப்புறம் போய்விட்டது. பாட்டி எத்தனை வருஷம் கடைசியில் சாப்பிட்டிருப்பாள்! மருமகள் வந்த பிறகுதான் அவளுக்கு வரிசையில் ஓர் இடம் முன்னால் கிடைத்தது. காத்திருந்து வாங்கியது அது ஒன்றுதான். அதை நான் கலைக்கிறேன்.

அம்மா பாதியில் எழுந்து அப்பாவுக்குப் பரிமாறப் போய்விட்டாள்.

மார்ச் 24

7.9. மூன்று வாரத்துக்கு இது போதாது. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றிவிடலாமா என்று டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், அப்புறம் கதவைப் பார்த்தாள். "அவரைக் கேட்டுச் சொல்றேன் டாக்டர்."

வழியில் கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் அழவில்லை, மூச்சு வாங்கியது.

மார்ச் 26

அப்பாவிடம் கேட்டாளாம். பாக்கலாம்னாராம்.