ஊரடங்கில் பிடிபட்ட வண்டியும் அட்டஸ்டேஷன் படிவத்தின் 'ஆம்/இல்லை' கேள்விகளும்

எஸ்எஸ்சி தேர்வில் தேர்வாகி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது என் கவலையெல்லாம் அசல் சான்றிதழ்களைப் பற்றித்தான் இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற இனிஷியல் ஆதாரில் வேறு மாதிரி இருந்தது. அதை முன்கூட்டியே திருத்தி வைத்திருந்தேன். ஓபிசி சான்றிதழும் மத்திய அரசுக்கான படிவத்தில் வாங்கியாகிவிட்டது. அசலைப் பார்த்துவிட்டு, நகலில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அரை நாளில் முடிந்தது. நான் பயப்பட வேண்டியிருந்தது அதோடு கொடுத்த அட்டஸ்டேஷன் படிவத்துக்குத்தான். நம் பின்னணியைப் போலீஸ் விசாரிப்பதற்காக நாமே நிரப்பித் தர வேண்டிய படிவம் அது.

அந்தப் படிவத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கும்: தவறான தகவல் தருவதும் தகவலை மறைப்பதும் தகுதியிழப்பு, பின்னால் தெரியவந்தால் பணிநீக்கம். உள்ளே வரிசையாகக் கேள்விகள். எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டதா? நீதிமன்றம் அபராதம் விதித்ததா? இப்போது எந்த நீதிமன்றத்திலாவது வழக்கு நிலுவையில் உள்ளதா? நம்மில் பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். நானும் பென்சிலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறார். படிவத்தைப் பார்த்ததும், "தம்பி, கொரோனா சமயத்துல உன் வண்டியப் பிடிச்சாங்கல்ல, அதுக்கு எஃப்ஐஆர் போட்டாங்களா?" என்று கேட்டார். எனக்கு அந்த நினைப்பே இல்லை. 2020 ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்களே, அந்த வாரத்தில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு வண்டி திரும்ப வந்தது. அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

வண்டியை விடுவித்த தாளைத் தேடி எடுத்தோம். அதன் மூலையில் 'கு.எண்' என்று ஒரு எண்ணும், பக்கத்தில் '188, 269 இ.த.ச.' என்றும் இருந்தது. இ.த.ச. என்றால் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம்; 188 அரசு உத்தரவை மீறியதற்கான பிரிவு, 269 நோய் பரவும்படி அலட்சியமாக நடந்ததற்கான பிரிவு. கு.எண் என்றால் குற்ற எண். அந்த எண் இருந்தாலே முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் ஆகியவற்றைக் கொண்டு eservices.tnpolice.gov.in தளத்தில் தேடினோம். என் பெயர், அப்பா பெயர், வண்டி எண் எல்லாம் அப்படியே இருந்தன. அதே எண்ணை services.ecourts.gov.in தளத்தில் காவல் நிலையம், எஃப்ஐஆர் எண் வழியாகத் தேடினால் வழக்கு நீதிமன்றம் வரை போனதா என்றும் தெரிந்துகொள்ளலாம். கையில் தாள் இல்லாதவர்கள் ஸ்டேஷன் எழுத்தரிடம் தேதியைச் சொல்லிக் கேட்கலாம்.

ஊரடங்கை மீறியதற்காகப் பதிவான வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளுக்கும் அதே மாதம்தான் அறிவிப்பு வந்தது. என் வழக்கும் அப்படி மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதுதான். அப்படியென்றால் 'இல்லை' என்று எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். கூடாது என்றார். படிவம் 'எப்போதாவது' என்று கேட்கிறது. வழக்கு முடிந்துபோனதால் நடந்தது நடக்காததாகிவிடாது.

அதைவிட என்னை உலுக்கியது கைது பற்றிய கேள்வி. என்னை யாரும் விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போகவில்லை, லாக்கப்பில் வைக்கவில்லை. ஆனால் நான் கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று ஜாமீன் பத்திரம். ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில் ஸ்டேஷனிலேயே கைது செய்ததாகப் பதிந்து, அங்கேயே சொந்த ஜாமீனில் விட்டுவிடுவார்கள். நமக்கு அது 'எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க' என்பதாகத் தோன்றும். ஆவணத்தில் அது கைது, பிறகு ஜாமீன். இந்த ஒரு இடத்தில்தான் நேர்மையானவர்களும் தெரியாமல் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

முதல் தகவல் அறிக்கைக்கும், நடவடிக்கை கைவிடப்பட்டதாகச் சொல்லும் அறிக்கைக்கும் நகல் மனு போட்டேன். கைக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதனால் அழைப்பு வந்த பிறகு தொடங்காதீர்கள், முடிவு வெளியான உடனே தொடங்கிவிடுங்கள். படிவத்தில் கைது என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதி, தனித்தாளில் இப்படிச் சேர்த்தேன்: "2020 ஜூன் மாதம் ஊரடங்கின்போது இருசக்கர வாகனத்தில் சென்றதற்காக இ.த.ச. 188, 269 பிரிவுகளில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. அன்றே நிலைய ஜாமீனில் விடுவிக்கப்பட்டேன். 2021-இல் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. நகல்கள் இணைப்பில்." காவல் நிலையம், குற்ற எண், தேதி ஆகியவற்றையும் குறிப்பிட்டேன். ஏன் போனேன், எவ்வளவு வருந்துகிறேன் என்றெல்லாம் எழுத வேண்டியதில்லை.

இப்படி எழுதினால் வேலை போய்விடாதா என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு நான் சொன்னது அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதைத்தான். சிறுவயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்காக இருந்தால், அதை மறைத்ததைக்கூட வேலை தருபவர் தம் விருப்புரிமையில் மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தாலும், முடிந்துபோன வழக்கின் தன்மையைப் பார்த்து அவர் முடிவெடுக்கலாம். மறைத்ததாகக் குற்றம் சொல்ல, அந்த விவரம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சொல்லிவிட்டால் நிச்சயம் வேலை என்று யாரும் வாக்குத் தர முடியாது. திருட்டு, மோசடி, பெண்கள் மீதான குற்றம் என்றால் நிலைமை வேறு. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வில் விதி இன்னும் கடுமை: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். அங்கே போகிறவர்கள் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் வக்கீலைப் பாருங்கள். 188-ஆவது பிரிவில் போலீஸ் தானாக எஃப்ஐஆர் போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை 2018-லேயே ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அடிப்படையில் ரத்து கேட்டு மனு போடலாம். ரத்தானாலும் படிவத்தில் அதை எழுதத்தான் வேண்டும்.

முகவரிப் பகுதியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடந்த ஐந்தாண்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய இடங்களைக் கேட்கிறார்கள். நான் கோச்சிங்குக்காகச் சென்னையில் தங்கியிருந்த அறையின் முகவரியையும் எழுதினேன். விசாரணை இரண்டு ஊரிலும் நடந்தது. அறை உரிமையாளரிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் தடுமாறவில்லை.

படிவத்தையும் உறுதிமொழியையும் வாங்கிக்கொண்டு தற்காலிகமாகப் பணியில் சேர்த்துக்கொண்டார்கள். போலீஸ் அறிக்கை வருவதற்குள் நான்கு மாதம் சம்பளம் வாங்கிவிட்டேன். இந்த இடைவெளியில் புதிதாக வழக்கு ஏதாவது வந்தால் அதையும் அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது. ஒருநாள் பிரிவு அலுவலர் கூப்பிட்டார். மேசையில் மதுரையிலிருந்து வந்த அறிக்கையும் நான் இணைத்த தனித்தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. குற்ற எண்ணின் மேல் விரலை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "நீங்களே எழுதிட்டீங்களா, சரி" என்று சொல்லிக் கோப்பில் குறிப்பு எழுதத் தொடங்கினார்.